"பயனுள்ளதாக இருக்கும்" என்ற வரியை எடுத்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது?

கேள்வி: சார், சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பி.பி. மாத்திரை வந்தும் ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைப் பற்றிய ஆய்வு. ஒரு வட்டாரம், 320 பேர். ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணுவேன். 20 பேரிடம் நேர்காணல். கோட்பாடு காம்-பி. "ஆய்வின் முக்கியத்துவம்" பத்தியைக் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. "மிகையாக உள்ளது, யாருக்கு என்ன பயன்?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். பத்தி இதுதான்: "இந்த ஆய்வு சமூகத்துக்கும் அரசுக்கும் மிகவும் பயனுள்ளதாக இருக்கும். கொள்கை வகுப்பாளர்களுக்கு வழிகாட்டும். காம்-பி கோட்பாட்டுக்குப் புதிய பங்களிப்பு செய்யும். இந்தப் பகுதியில் இதுவரை யாரும் இப்படி ஆய்வு செய்ததில்லை." எப்படித் திருத்துவது?

பதில்:

உங்கள் பத்தியில் "பி.பி. மாத்திரை" என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? காம்-பி என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டால், பள்ளி இடைநிற்றல் பற்றிய ஆய்விலும் நெசவாளர் கடன் பற்றிய ஆய்விலும் இதே நான்கு வரிகளை ஒட்டிவிடலாம். கமிட்டிக்கு மிகையாகத் தெரிந்தது அதனால்தான். "மிகவும்" என்பதை "ஓரளவு" என்று குறைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. வரியில் ஆள் இல்லை, அந்த ஆள் எடுக்கும் முடிவு இல்லை. அவை வந்துவிட்டால் மிகை தானாகவே இறங்கிவிடும்.

உங்கள் ஆய்வு நல்ல ஆய்வு. அதில் இருக்கும் உண்மையான பயன் இந்தப் பத்திக்குள் வரவே இல்லை என்பதுதான் என் வருத்தம். அதனால் முதலில் ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு பாட்டிக்கு தினம் ஒரு அம்லோடிபின் மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். தன்னார்வலர் வந்து 30 மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கு முன் வீட்டில் மிச்சம் எதுவும் இல்லை. 28 நாள் கழித்து நீங்கள் போய் டப்பாவைத் திறந்து எண்ணுகிறீர்கள். 2 மாத்திரை இருக்க வேண்டும். 11 இருக்கிறது. அப்படியானால் 28 நாளில் 19 மாத்திரைதான் உள்ளே போயிருக்கிறது, கிட்டத்தட்ட 68 சதவீதம். ஆனால் விநியோகப் பதிவேட்டைப் பாருங்கள். மாத்திரை கொடுத்த தேதி இருக்கும், எண்ணிக்கை இருக்கும். அதன்படி இந்தப் பாட்டிக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இங்கேதான் உங்கள் ஆய்வின் உயிர் இருக்கிறது. மருந்தை ஒருவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கணிக்க உலகம் முழுக்கப் புழங்கும் எளிய வழி, மருந்து வாங்கிய பதிவைப் பார்ப்பது. எத்தனை நாளுக்குப் போதுமான மருந்து கையில் இருந்தது என்று கணக்கிட்டு, 80 சதவீத நாட்களுக்கு மேல் இருந்தால் "ஒழுங்கானவர்" என்று வகைப்படுத்துவது வழக்கம். இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தீர்ந்துபோனவர்தான் திரும்பி வந்து வாங்குவார், வராதவர் சாப்பிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்து வரிசையில் நின்று வாங்கும்வரை இந்த அனுமானம் ஓரளவு நிற்கும். மருந்து தானாகவே வீடு தேடி வரும்போது நிற்காது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது நோயாளியின் நடை மிச்சமானது. கூடவே, அவர் வந்தாரா வரவில்லையா என்ற சமிக்ஞையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு சமிக்ஞை வேண்டும். நீங்கள் செய்யப்போகும் எண்ணிக்கை அதுவாக இருக்க முடியுமா என்பதுதான் நடைமுறைப் பயன். "அரசுக்குப் பயனுள்ளதாக இருக்கும்" என்று எழுதும்போது உங்கள் மனதில் மங்கலாக இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது "கொள்கை வகுப்பாளர்" என்ற சொல்லுக்கு வருவோம். அவர் யார்? சென்னையில் இருக்கும் துறைச் செயலாளரா? ஒரு வட்டாரத்து 320 பேரை வைத்து மாநிலம் முழுக்க ஓர் ஆணையை அவர் மாற்றமாட்டார், மாற்றவும் கூடாது. உங்கள் முடிவைக் கையில் எடுத்து நாளையே ஏதாவது செய்யக்கூடியவர்கள் கீழே இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் தன்னார்வலர், அவருடைய தகவலைப் பெறும் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைப் பார்க்கும் செவிலியர், வட்டார மருத்துவ அலுவலர். இவர்களில் யார், எந்த முடிவை, எந்த நேரத்தில் எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தன்னார்வலர் எடுக்கும் முடிவு சின்னது: இந்த வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்வதா, நின்று பேசுவதா, செவிலியருக்குச் சொல்வதா. இப்போது அந்த முடிவுக்கு அவரிடம் என்ன அடிப்படை இருக்கிறது? பி.பி. பார்க்கிறார். 140/90-க்கு மேல் இருந்தால் தெரியும். ஆனால் அந்த எண் ஏன் ஏறியது, மாத்திரை போதவில்லையா, மாத்திரையைச் சாப்பிடவே இல்லையா என்று கருவி சொல்லாது. இந்த இரண்டும் தெரியாமல் மருத்துவர் அளவைக் கூட்டினால், ஏற்கெனவே சாப்பிடாதவர் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மாத்திரை சேரும். மிச்ச எண்ணிக்கை தெரிந்தால் இரண்டையும் பிரிக்கலாம்.

பார்த்தீர்களா, ஒரு பதவி, ஒரு முடிவு, அந்த முடிவில் இப்போது இருக்கும் குருட்டுப் புள்ளி என்ற மூன்றும் வந்தவுடன் "மிகவும் பயனுள்ள" என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கமிட்டியில் கூர்மையான ஒருவர் இருந்தால் அதைக் கண்டிப்பாகப் பிடிப்பார். உங்கள் திட்டப்படி மாத்திரையை எண்ணப்போவது நீங்கள், தன்னார்வலர் இல்லை. தன்னார்வலர் பக்கத்துத் தெருக்காரர், பெரும்பாலும் அதே ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். அவர் கேட்கும்போது பாட்டி டப்பாவை உள்ளே வைத்துவிட்டு "எல்லாம் சாப்பிட்டேம்மா" என்று சொல்லலாம். அவருக்கும் "என் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று எழுதக் கூச்சமாக இருக்கலாம். வெளியாளான உங்களிடம் கிடைத்த எண் அவரிடமும் கிடைக்கும் என்று சொல்ல உங்கள் ஆய்வில் இப்போதைக்கு ஆதாரம் இல்லை. ஆகவே "தன்னார்வலர்கள் இந்த முறையைப் பயன்படுத்தலாம்" என்று எழுதினால் அதுவும் மிகைதான். அடக்கமாகத் தெரியும் மிகை.

இரண்டு வழி உண்டு. வாக்கியத்தைச் சுருக்கலாம்: "மிச்ச எண்ணிக்கைக்கும் பதிவேட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த ஆய்வு அளக்கும். தன்னார்வலர் எண்ணினால் இதே விடை வருமா என்பது இதன் எல்லைக்கு வெளியே." இது நேர்மையான வரி, போதுமானதும்கூட. இல்லையென்றால் ஆய்வைக் கொஞ்சம் நீட்டலாம். இரண்டாவது சுற்றில் 40 வீடுகளில் தன்னார்வலர் முதலில் எண்ணட்டும். அடுத்த இரண்டு நாளுக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டால் அந்த வாக்கியத்தை எழுதும் உரிமை கிடைக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைச் செய்வேன், 40 வீடு பெரிய சுமை இல்லை. முக்கியத்துவப் பத்தியைக் கடைசியில் ஒப்புக்கு எழுதக் கூடாது என்று நான் மாணவர்களிடம் மன்றாடுவது இதனால்தான். அதை ஒழுங்காக எழுத உட்கார்ந்தால் முறையியலில் இருக்கும் ஓட்டை தெரிந்துவிடும்.

எண்ணிக்கையின் குறைகளையும் மறைக்காதீர்கள். மிச்ச மாத்திரையைச் சிலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாத்திரை என்றால் டப்பா கலந்துவிடும். போன மாத மிச்சம் தனியாக இருந்தால் கணக்கு தவறும். அதனால்தான் பாட்டி உதாரணத்தில் "முன் மிச்சம் எதுவும் இல்லை" என்று சொன்னேன். இவற்றில் முதலாவது, சாப்பிட்ட அளவைக் கூட்டியே காட்டும். அதாவது உங்கள் 68 சதவீதம் உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம். இது முறையியல் பகுதிக்குப் போக வேண்டிய விஷயம்தான், ஆனால் முக்கியத்துவப் பத்தியில் "துல்லியமாக அளக்கும்" என்று எழுதாமல் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தும்.

அடுத்தது கோட்பாடு. பெரும்பாலானோர் விழும் இடம் இது. "காம்-பி கோட்பாட்டுக்குப் புதிய பங்களிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பங்களிப்பு என்று நேரில் கேட்டால், "தமிழ்நாட்டில் இந்தக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்கிறேன்" என்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 1989-இல் டேவிட் வெட்டன் என்ற மேலாண்மை ஆய்வாளர், எது கோட்பாட்டுப் பங்களிப்பு என்பதைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை இன்றுவரை பல துறைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. பழைய மாதிரியைப் புது இடத்தில் வைத்து, எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது என்கிறார் அவர். அந்தப் புது இடம் கோட்பாட்டைப் பற்றி ஏதாவது திருப்பிச் சொல்ல வேண்டும்.

உங்கள் இடம் சொல்லும் என்று நான் நம்புகிறேன். 2011-இல் சூசன் மிஷீயும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த காம்-பி, ஒரு நடத்தை நடக்க மூன்று வேண்டும் என்கிறது: திறன், வாய்ப்பு, உந்துதல். திறனும் வாய்ப்பும் உந்துதலையும் பாதிக்கும் என்று அம்புக்குறி போடுகிறது. வாய்ப்பை இரண்டாகப் பிரிக்கிறது. தூரம், பணம், நேரம் போன்றவை புற வாய்ப்பு. சுற்றியிருக்கும் மனிதர்களால் வருவது சமூக வாய்ப்பு.

வீட்டுக்கே மாத்திரை வரும்போது புற வாய்ப்பு கூடுகிறது. பஸ் செலவு இல்லை, ஒரு நாள் கூலி போகவில்லை. சரி, சமூக வாய்ப்பு? சுகாதார நிலையத்துக்குப் போனபோது செவிலியர் கையைப் பிடித்து அளந்து "ஏறியிருக்கே, சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற இன்னொருவர் தன் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்த கதையைச் சொன்னார். பி.பி. உடம்பில் வலி காட்டாத நோய். இந்தப் பேச்சுகள்தான் பலருக்கு அது இருப்பதையே நினைவூட்டுகின்றன. வீட்டு விநியோகத்தில் இவை குறையலாம், அல்லது தன்னார்வலரின் வருகை அவற்றை ஈடுகட்டலாம். எது நடக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஒரே ஏற்பாடு வாய்ப்பின் ஒரு பாதியைத் தூக்கி மறுபாதியை இறக்க முடியுமா? முடியுமானால், "வாய்ப்பைக் கூட்டினால் உந்துதலும் கூடும்" என்ற எதிர்பார்ப்புக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டியிருக்கும். இது கேள்வி. இதை எழுதினால் "பங்களிப்பு" என்ற சொல் இல்லாமலே பங்களிப்பு தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. உங்கள் 320 பேரும் வீட்டில் பெறுபவர்களாக இருந்தால் ஒப்பிட ஆள் இல்லை. அதே வட்டாரத்தில் இன்னும் சுகாதார நிலையத்துக்கு வந்து வாங்குபவர்கள் இருப்பார்கள். 320-இல் ஒரு பகுதியை அவர்களிடமிருந்து எடுங்கள். அப்போதும் இரண்டு கூட்டமும் ஒன்றல்ல, நடக்க முடியாதவர்களும் வயதானவர்களும் வீட்டுப் பட்டியலில் கூடுதலாக இருப்பார்கள். ஆகவே "நிரூபிக்கும்" என்ற வினை உங்களுக்குக் கிடைக்காது, "காரணம் என்று காட்டும்" என்பதும் கிடைக்காது. "இரண்டு குழுவிலும் வேறுபடுகிறதா என்று பார்க்கும்", "நேர்காணலில் எப்படி விவரிக்கிறார்கள் என்று பதிவு செய்யும்" இவை கிடைக்கும். பத்தி எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வினைக்கும் உங்கள் முறையியலில் ஒரு செயல் இருக்கிறதா? இல்லாததை மாற்றுங்கள். மிகை பெரும்பாலும் வினையில்தான் உட்கார்ந்திருக்கிறது, பெயரடையில் அல்ல.

இன்னொரு சோதனையும் செய்துபாருங்கள். முடிவு நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தால் பத்தி நிற்குமா? எண்ணிப் பார்த்ததில் எல்லோரும் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தவறுபவர்களைக் கண்டுபிடிக்க உதவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் பத்தி விழுந்துவிடும். அந்த முடிவும் ஒருவருக்குச் செய்திதான்: பதிவேட்டை நம்பலாம், பி.பி. குறையாதவருக்கு மருந்தை மாற்றுவதைப் பற்றி மருத்துவர் தயங்காமல் யோசிக்கலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் யாராவது ஒருவர் வேறு மாதிரி நடப்பார் என்றால்தான் ஆய்வுக்குப் பொருள் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் முன்மொழிவைப் படித்த ஒரு மூத்த பேராசிரியர் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஆய்வுக் கருவியையே மாற்றினேன்.

கடைசி வரி, "இதுவரை யாரும் செய்ததில்லை". எடுத்துவிடுங்கள். உண்மையாக இருந்தாலும் அது காரணம் ஆகாது. யாரும் செய்யாததற்கு, செய்யத் தேவையில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். வைவாவில் யாராவது ஒருவர் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து நீட்டினால் அந்த வரி உடைந்தும் போகும். எத்தனை கோடிப் பேருக்கு பி.பி. இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை இங்கே சேர்க்கவும் ஆசை வரும். அது பின்னணிப் பகுதிக்கு உரியது. நோய் பெரியது என்பதால் ஆய்வு பெரியதாகிவிடாது.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிப் பார்த்தது கீழே. 40 வீட்டு ஒப்பீட்டையும் சுகாதார நிலையத்தில் வாங்கும் குழுவையும் நீங்கள் சேர்ப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். சேர்க்காவிட்டால் அந்த வரிகளை வெட்டிவிடுங்கள்.

"மருந்து வீட்டுக்கே வரும் திட்டத்தில், நோயாளி மருந்து பெற்றார் என்பதை விநியோகப் பதிவேடு காட்டும், சாப்பிட்டார் என்பதைக் காட்டாது. இரத்த அழுத்தம் குறையாத ஒருவரைப் பார்க்கும்போது, மருந்தின் அளவு போதவில்லையா, மருந்தே உட்கொள்ளப்படவில்லையா என்பதைப் பிரித்தறியத் தன்னார்வலருக்கும் சுகாதார நிலையச் செவிலியருக்கும் இப்பதிவேடு உதவுவதில்லை. இந்த ஆய்வு, ஒரு வட்டாரத்தில் மிச்ச மாத்திரை எண்ணிக்கைக்கும் பதிவேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு முறை அளக்கும். 40 வீடுகளில் தன்னார்வலரின் எண்ணிக்கையை ஆய்வாளரின் எண்ணிக்கையோடு ஒப்பிடும். வேறுபாடு பெரிதாக இருந்து இரண்டு எண்ணிக்கைகளும் ஒத்துப்போனால், வீட்டு வருகையில் மிச்சத்தைக் குறிக்க ஒரு தனிக் கட்டத்தைப் பதிவேட்டில் சேர்ப்பது பற்றி வட்டார மருத்துவ அலுவலர் முடிவெடுக்க இது அடிப்படை தரும். வேறுபாடு சிறிதாக இருந்தால், இப்போதைய பதிவேட்டையே நம்பலாம் என்பதற்கு அவ்வட்டார அளவில் ஆதாரமாகும். கோட்பாட்டு அளவில், வீட்டு விநியோகம் புற வாய்ப்பைக் கூட்டும்போது, சுகாதார நிலையச் சந்திப்புகள் வழியாக வந்த சமூக வாய்ப்பைக் குறைக்கிறதா என்று இந்த ஆய்வு கேட்கிறது. காம்-பி மாதிரியில் வாய்ப்பின் இவ்விரு பகுதிகளும் எதிரெதிர்த் திசையில் நகரக்கூடுமா என்பதை, வீட்டில் பெறுவோரையும் நிலையத்தில் பெறுவோரையும் ஒப்பிட்டும் நேர்காணல் வழியாகவும் ஆராயும். இரு குழுக்களும் வயதிலும் நடமாட்டத்திலும் வேறுபடுவதால், கிடைக்கும் விடை காரணத்தை நிறுவாது. அடுத்த ஆய்வு சோதிக்க வேண்டிய கருதுகோளைத் தரும்."

உங்கள் பழைய பத்தியைவிட இது நீளம்தான், ஆனால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். அனுப்பும் முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. 40 வீட்டு ஒப்பீட்டையும் இரண்டாவது குழுவையும் முறையியல் பகுதியில் அதே சொற்களில் சேருங்கள், எண்களும் ஒத்திருக்க வேண்டும். அப்புறம், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து மாத்திரையை எண்ணுவேன் என்பதையும், அந்த எண் தன்னார்வலருக்குச் சொல்லப்படுமா படாதா என்பதையும் ஒப்புதல் படிவத்தில் தெளிவாக எழுதி நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி கொடுங்கள்.